அக்டோபரில் விழுந்த கோடு

தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில் இருக்கும் ஜவுளிக் கடையின் மாத விற்பனையை வரைபடமாகப் போட்டால், அது மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஜனவரியில் பொங்கல் ஒரு மேட்டை எழுப்பும். மே மாதக் கடைசியில் பள்ளிச் சீருடை வாங்க வருகிற கூட்டம் இன்னொரு மேடு. ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஓடும். செப்டம்பரில் கடை ஓய்ந்து கிடக்கும். பிறகு அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி வந்து, மற்ற மாதங்களை எல்லாம் குட்டையாகக் காட்டிவிடும்.

இந்தப் படத்தைப் பார்த்துக் கடை முதலாளி கேட்கும் கேள்வி எளிமையானது: "தம்பி, வியாபாரம் ஏறுதா, இறங்குதா?" கணக்குப் பார்க்கிற இளைஞருக்கு அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. செப்டம்பரைப் போல மூன்று மடங்கு அக்டோபரில் விற்றிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் பண்டிகை. கடை வளர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. பிப்ரவரி ஜனவரியைவிடக் குறைந்திருந்தால் பொங்கல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் தன் பருவத்தின் கதையையே சொல்கிறது. கடையின் போக்கு அந்தக் கதைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது.

அதை வெளியே எடுக்க வணிகக் கணக்கில் வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் வழிதான் ரோலிங் 12 மாத மொத்தம். ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய 11 மாதங்களையும் சேர்த்துக் கூட்டி, வரும் தொகையை ஒரு புள்ளியாக வைப்பார்கள். அடுத்த மாதம் வந்ததும் புதியதைச் சேர்த்து, பழையதில் ஒன்றைக் கழிப்பார்கள். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதற்குள் ஒரு பொங்கல், ஒரு ஆடி, ஒரு சீருடை சீசன் இருக்கும். எல்லாப் புள்ளிகளிலும் பருவங்கள் ஒரே அளவில் கலந்திருப்பதால், புள்ளிகளை ஒன்றோடொன்று நியாயமாக ஒப்பிடலாம்.

முன்பு இதைக் கையால் கூட்டினார்கள், பிறகு எக்செல்லில். இன்று பல நிறுவனங்களின் விற்பனை அறிக்கைகள் பவர் பிஐ என்னும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் உருவாகின்றன. அதற்குள் கணக்குகளை எழுதும் மொழியின் பெயர் டாக்ஸ். 2010-இல் எக்செல்லுக்கான பவர் பிவட்டோடு வந்த மொழி அது. அதில் எழுதிவைக்கும் ஒரு கணக்கு விதியை மெஷர் என்கிறார்கள். ரோலிங் 12 மாத மொத்தத்தை நாலைந்து வரி மெஷராக எழுதிவிடலாம். ஆனால் அந்த நாலைந்து வரி தரும் கோட்டை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு கடையின் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும்.

மூன்று வருடக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கணக்கு 2022 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. தொகைகள் எல்லாம் லட்ச ரூபாயில்.

| மாதம் | 2022 | 2023 | 2024 |
|---|---|---|---|
| ஜனவரி | 50 | 52 | 53 |
| பிப்ரவரி | 36 | 38 | 40 |
| மார்ச் | 34 | 35 | 36 |
| ஏப்ரல் | 40 | 42 | 43 |
| மே | 46 | 47 | 49 |
| ஜூன் | 38 | 40 | 41 |
| ஜூலை | 44 | 45 | 46 |
| ஆகஸ்ட் | 52 | 54 | 56 |
| செப்டம்பர் | 36 | 37 | 38 |
| அக்டோபர் | 110 | 72 | 122 |
| நவம்பர் | 34 | 80 | 36 |
| டிசம்பர் | 40 | 42 | 44 |
| மொத்தம் | 560 | 584 | 604 |

2022 டிசம்பர் முடிவில் 12 மாத மொத்தம் 560. அடுத்த மாதம் 2023 ஜனவரியின் 52 உள்ளே வருகிறது, 2022 ஜனவரியின் 50 வெளியே போகிறது. மொத்தம் 562. பிப்ரவரியில் 38 வந்து 36 போக, 564. மார்ச்சில் 565. பன்னிரண்டு நாற்காலி போட்ட ஒரு வரிசையில் புதிதாக ஒருவர் உட்கார, ஒருவர் எழுந்து போவதைப் போன்ற ஏற்பாடு இது. எழுந்து போவது எப்போதும் போன வருடத்தின் அதே மாதம்தான்.

இந்தக் கணக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே கோடு ஏறுவதோ இறங்குவதோ, இந்த மாத விற்பனைக்கும் போன வருடம் இதே மாத விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஜனவரி 52 என்பது டிசம்பரின் 40-ஐவிட எவ்வளவு அதிகம் என்பது கோட்டுக்குத் தெரியாது. போன ஜனவரியைவிட 2 அதிகம் என்பதுதான் தெரியும். பொங்கல் மேடு கோட்டிலிருந்து மறைவது இதனால்தான்.

கோட்டை எப்படிப் படிப்பது என்பதையும் இதே விதி சொல்கிறது. ரோலிங் மொத்தம் தாமதமாகத்தான் செய்தி சொல்லும் என்று பொதுவாக ஒரு குறை உண்டு. அது பாதி உண்மை. 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கடையில் ஒவ்வொரு மாதமும் முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் குறைவாக விற்கத் தொடங்கினால், 53 இருந்த ஜனவரி சுமார் 50 ஆகும். கோடு அந்த மாதமே 604-இலிருந்து 601-க்கு இறங்கும். திசை உடனே மாறிவிடுகிறது. ஆனால் முழு 5 சதவீத இழப்பும் தெரிய, மொத்தம் 574-க்கு வந்து சேர, 2025 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டும். திசையை உடனே சொல்லும் கோடு, அளவைச் சொல்ல ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறது.

மெஷர் எழுதும்போது

பவர் பிஐ மாடலில் இதற்கு இரண்டு டேபிள்கள் வேண்டும். ஒன்று பில் விவரங்கள் உள்ள விற்பனை டேபிள். மற்றொன்று தேதி டேபிள்: விற்பனை நடந்ததோ இல்லையோ, ஒரு நாள்கூட விடுபடாமல், ஒரே தேதி இருமுறை வராமல், முழு ஆண்டுகளுக்கும் தேதிகளை அடுக்கிவைத்த பட்டியல். இரண்டையும் இணைத்தபின் தொடக்க மெஷர் ஒரே வரி:

```
Total Sales = SUM ( Sales[Amount] )
```

வரைபடம் 2023 அக்டோபருக்கான புள்ளியைப் போடும்போது, மாடல் அக்டோபரின் 31 நாட்களை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு இந்த மெஷரைக் கணக்கிடும். விடை 72. ரோலிங் மொத்தத்துக்கு அந்த வடிகட்டலை மாற்ற வேண்டும். 31 நாட்களுக்குப் பதிலாக 12 மாதங்களின் நாட்களைக் கொடுக்க வேண்டும். டாக்ஸில் வடிகட்டலை மாற்றும் வேலையைச் செய்வது CALCULATE. எந்த நாட்கள் என்பதை DATESINPERIOD சொல்கிறது:

```
Sales R12 =
CALCULATE (
    [Total Sales],
    DATESINPERIOD ( 'Date'[Date], MAX ( 'Date'[Date] ), -12, MONTH )
)
```

அந்தப் புள்ளியின் கடைசித் தேதியை எடு, அங்கிருந்து 12 மாதம் பின்னோக்கிப் போ, அதற்குள் வரும் எல்லா நாட்களின் விற்பனையையும் கூட்டு என்பதே இதன் பொருள்.

எழுதி முடித்ததும் சில நேரம் ஒரு விசித்திரம் நடக்கும். ரோலிங் கோடு மாத விற்பனைக் கோட்டின்மேல் அச்சுப் பிசகாமல் அப்படியே படிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் மட்டும் 72, 80, 42 என்று மாத எண்களாகவே இருக்கும். தேதி டேபிளை "Mark as date table" என்ற கட்டளையால் அடையாளப்படுத்தாமல், இரண்டு டேபிள்களையும் 20231031 போன்ற எண் குறியீட்டால் இணைத்திருந்தால் இப்படி ஆகும். 12 மாத நாட்களைக் கேட்ட பிறகும் 'அக்டோபர் மட்டும்' என்ற பழைய வடிகட்டல் விலகாமல் நிற்பதால், இரண்டுக்கும் பொதுவான அந்த 31 நாட்களே மிஞ்சுகின்றன. டேபிளை அடையாளப்படுத்தினால் பழைய வடிகட்டல் விலகிவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. டிசம்பர் முடிவில் உள்ள புள்ளி அந்தக் காலண்டர் ஆண்டின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்: 560, 584, 604. மார்ச் முடிவில் உள்ள புள்ளி நிதியாண்டின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இந்தக் கடையில் 2024 மார்ச் புள்ளி 588. ஆடிட்டர் முடித்துக் கொடுத்த 2023-24 கணக்கிலும் விற்பனை அதே தொகையாக இருந்தால் மெஷர் சரியாக ஓடுகிறது. பன்னிரண்டால் வகுத்துச் சராசரி ஆக்காமல் மொத்தமாகவே வைத்திருப்பதில் இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் 'ஒரு வருட விற்பனை' என்ற, முதலாளிக்கு ஏற்கெனவே பழகிய அளவாக இருக்கிறது.

கோட்டின் இரண்டு நுனிகள்

மேலே உள்ள மெஷரை அப்படியே வரைபடத்தில் போட்டால், கோட்டின் இரண்டு நுனிகளும் பொய் சொல்லும்.

இடப்பக்கத்தைப் பாருங்கள். கணக்கு 2022 ஜனவரியில்தான் தொடங்குகிறது. எனவே அந்த ஜனவரிப் புள்ளியில் இருப்பது ஒரே மாத விற்பனை, 50. பிப்ரவரியில் 86, மார்ச்சில் 120. இப்படியே ஏறி டிசம்பரில் 560 ஆகிறது. பார்ப்பவருக்குக் கடை ஒரே வருடத்தில் பதினோரு மடங்கு வளர்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் வளர்ந்தது கூட்டலில் சேர்ந்த மாதங்களின் எண்ணிக்கைதான். 12 மாதம் நிரம்பாத அந்தப் பதினோரு புள்ளிகளையும் காட்டவே கூடாது.

வலப்பக்கம் இன்னும் ஆபத்தானது. தேதி டேபிள் 2025 டிசம்பர்வரை இருக்கிறது, ஆனால் பில்கள் 2025 மார்ச் 12-வரைதான் ஏறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மார்ச் புள்ளிக்கான கடைசித் தேதி மார்ச் 31. எனவே கூட்டல் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை போகிறது. போன வருடத்தின் முழு மார்ச்சும் வெளியே போய்விட்டது. உள்ளே வந்திருப்பது 12 நாள் விற்பனை. கோடு சட்டென்று கீழே வளையும். அதற்கப்பால் ஏப்ரல், மே, ஜூன் என்று வராத மாதங்களுக்கும் மெஷர் விடை சொல்லிக்கொண்டே போகும். புதியது எதுவும் சேராமல் பழையது மட்டும் கழிவதால், கோடு டிசம்பரை நோக்கி மலைச்சரிவுபோல இறங்கும். மாத நடுவில் அறிக்கையைத் திறக்கும் முதலாளியின் கண்ணில் முதலில் படுவது இந்தச் சரிவுதான்.

இரண்டையும் தடுக்கக் கோட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் காவல் போட வேண்டும்:

```
Sales R12 =
VAR EndDate = MAX ( 'Date'[Date] )
VAR StartDate = EOMONTH ( EndDate, -12 ) + 1
VAR FirstSale =
    CALCULATE ( MIN ( Sales[BillDate] ), REMOVEFILTERS ( 'Date' ) )
VAR LastSale =
    CALCULATE ( MAX ( Sales[BillDate] ), REMOVEFILTERS () )
RETURN
    IF (
        StartDate >= FirstSale && EndDate <= LastSale,
        CALCULATE (
            [Total Sales],
            DATESBETWEEN ( 'Date'[Date], StartDate, EndDate )
        )
    )
```

கூட்டலின் முதல் நாள் கடையின் முதல் பில்லுக்கு முந்தையதாக இருந்தால் விடை வெறுமை. கடைசி நாள் கடைசி பில்லுக்குப் பிந்தையதாக இருந்தாலும் வெறுமை. வெறுமை வந்த இடத்தில் வரைபடம் கோட்டை இழுக்காது. இப்போது கோடு 2022 டிசம்பரில் தொடங்கி, 2025 பிப்ரவரியோடு நிற்கும்.

முதல் பில்லையும் கடைசி பில்லையும் தேடும் இரண்டு வரிகள் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். முதல் பில்லைத் தேடும்போது தேதி வடிகட்டலை மட்டும் நீக்குகிறோம். கிளை, துணி வகை போன்ற தேர்வுகள் அப்படியே இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 1-இல் திறந்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தால், அதன் கோடு 12 மாதம் நிரம்பிய 2024 ஜூலையில்தான் தொடங்கும். அதுதான் சரி. கடைசி பில்லைத் தேடும்போது எல்லா வடிகட்டலையும் நீக்கிவிடுகிறோம். இல்லாவிட்டால், மார்ச் 20-க்குப் பிறகு விற்காத ஒரு பட்டு ரகத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாதம் முடியவில்லை என்று மெஷர் தவறாக நினைத்து அதன் மார்ச் புள்ளியை மறைத்துவிடும். ஒரு வகைத் துணி விற்காமல் போவது வேறு, பில்களே இன்னும் ஏறாமல் இருப்பது வேறு. இரண்டாவதைத்தான் இந்த வரி பிடிக்க வேண்டும். மாதத்தின் கடைசி நாள் கடை விடுமுறையாக இருந்தால் மட்டும், அடுத்த மாதத்தின் முதல் பில் ஏறும்வரை அந்தப் புள்ளி தோன்றத் தாமதமாகும்.

தீபாவளி இல்லாத ஒரு வருடம்

நுனிகளைச் சரிசெய்த பிறகு கோடு எப்படிப் போகிறது? 2022 டிசம்பரின் 560-இலிருந்து மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று மெல்ல ஏறி, 2023 செப்டம்பரில் 574-க்கு வருகிறது. அடுத்த புள்ளி 536. ஒரே மாதத்தில் 38 லட்சம் சரிவு. அதற்கடுத்த நவம்பரில் 582, டிசம்பரில் 584. பிறகு மறுபடி சீராக ஏறி 2024 செப்டம்பரில் 596. அக்டோபரில் திடீரென்று 646-க்குத் தாவி, நவம்பரில் 602-க்கு இறங்கிவிடுகிறது.

மெஷரில் பிழை ஏதும் இல்லை. பில்களும் விடுபடவில்லை. காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

2022-இல் தீபாவளி அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. சந்திரனை வைத்துக் கணக்கிடும் 12 மாதங்கள் சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், தீபாவளி ஆண்டுக்கு 11 நாள் அளவில் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் சேர்ந்ததும் 19 நாள் போலப் பின்னால் தாவும். 2023-இல் அப்படித்தான் தாவியது.

இப்போது 2023 அக்டோபர் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது 2022 நவம்பர் 1 முதல் 2023 அக்டோபர் 31 வரை. 2022-இன் தீபாவளி ஒரு வாரம் முன்பே முடிந்து வெளியே நிற்கிறது. 2023-இன் தீபாவளி இன்னும் வரவில்லை. ஜவுளிக் கடையில் கூட்டம் நெரியும் அந்தக் கடைசிப் பத்து நாள் இந்த முழு ஆண்டுக்குள்ளும் ஒருமுறைகூட இல்லை. அடுத்த ஆண்டு இதற்கு நேர் எதிர்: 2023 நவம்பர் 1 முதல் 2024 அக்டோபர் 31 வரையிலான 12 மாதங்களில் இரண்டு தீபாவளிகள் உட்கார்ந்திருக்கின்றன. 536 ஒரு பொய்ப் பள்ளம், 646 ஒரு பொய் மேடு. இரண்டையும் உண்மை என்று நம்பி ஒப்பிட்டால், ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று கணக்கு வரும். டிசம்பர் புள்ளிகளை ஒப்பிட்டால் 584-இலிருந்து 604. மூன்றரை சதவீதம்கூட இல்லை.

ரோலிங் மொத்தத்தின் எல்லை இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஆண்டும் அதே ஆங்கில மாதத்துக்குத் திரும்பி வரும் பருவங்களை மட்டும்தான் அது சமன்செய்யும். பொங்கல் ஜனவரி நடுவில் நிலையாக நிற்கிறது. ஆடி ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடுவரை. இவை சூரியக் கணக்கில் வருவதால் கோட்டிலிருந்து சுத்தமாக நீங்கிவிடுகின்றன. பிறையைப் பார்த்து வரும் ரம்ஜானும், சந்திரக் கணக்கில் வரும் தீபாவளியும் மாத எல்லையைத் தாண்டி அலைகின்றன. இந்தியாவில் ரம்ஜான் பெருநாள் 2024-இல் ஏப்ரல் 11-இலும் 2025-இல் மார்ச் 31-இலும் வந்தது. எனவே 2025 மார்ச்சில் முடியும் 12 மாதத்தில், அதாவது 2024-25 நிதியாண்டில், இரண்டு பெருநாட்கள் இருந்தன. ரம்ஜான் வியாபாரத்தை நம்பியிருக்கும் கடையின் நிதியாண்டுக் கணக்கே அந்த ஆண்டு கொஞ்சம் உப்பியிருக்கும்.

தீபாவளியைப் பொறுத்தவரை ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அது அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில்தான் அலைகிறது. எனவே நவம்பர் 30-இல் முடியும் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதற்குள் சரியாக ஒரு தீபாவளி, அதன் முழுக் கூட்டத்தோடு இருக்கும். டிசம்பர் முதல் ஆகஸ்ட்வரை முடியும் புள்ளிகளுக்கும் இது பொருந்தும். சந்தேகப்பட வேண்டியது அக்டோபர் புள்ளியை. தீபாவளி சீக்கிரம் வரும் ஆண்டில் செப்டம்பர் கடைசியிலேயே துணி எடுப்பது தொடங்கிவிடும் என்பதால் செப்டம்பர் புள்ளியையும் கொஞ்சம்.

சீசனைத் தனியே பிரிப்பது

அக்டோபரிலும் நம்பத்தக்க ஓர் எண் வேண்டுமென்றால், தீபாவளி சீசனைக் கணக்கிலிருந்து பிரித்துவிடலாம். தேதி டேபிளில் FestSeason என்று ஒரு காலம் சேர்த்து, தீபாவளி நாள் உட்பட அதற்கு முந்தைய 30 நாட்களுக்கு TRUE என்றும் மற்ற நாட்களுக்கு FALSE என்றும் குறிக்க வேண்டும். 2023-க்கு அது அக்டோபர் 14 முதல் நவம்பர் 12 வரை. 2024-க்கு அக்டோபர் 2 முதல் 31 வரை. இந்தத் தேதிகளைச் சூத்திரத்தால் வருவிக்க டாக்ஸில் வழி இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை கையால் சேர்க்க வேண்டியதுதான்.

சீசன் நாட்களை விட்டுவிட்டு வெறும் மொத்தம் போட்டாலும் சிக்கல் தீராது. 2023 அக்டோபர் புள்ளியில் சீசன் நாட்கள் 18 மட்டுமே. மிச்சம் 347 சாதாரண நாட்கள். டிசம்பர் புள்ளியில் சாதாரண நாட்கள் 335. பன்னிரண்டு நாள் விற்பனை கூடுதலாகச் சேர்ந்து இன்னொரு பொய் மேட்டை உண்டாக்கிவிடும். அதனால் இங்கே நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட வேண்டும்:

```
Plain Day R12 =
VAR EndDate = MAX ( 'Date'[Date] )
VAR StartDate = EOMONTH ( EndDate, -12 ) + 1
RETURN
    CALCULATE (
        DIVIDE ( [Total Sales], COUNTROWS ( 'Date' ) ),
        DATESBETWEEN ( 'Date'[Date], StartDate, EndDate ),
        'Date'[FestSeason] = FALSE ()
    )
```

இது கடந்த 12 மாதங்களில் ஒரு சாதாரண நாளின் சராசரி விற்பனையைத் தருகிறது. தீபாவளி எந்த மாதத்தில் வந்தாலும் இந்தக் கோடு பதறாது. நுனிகளுக்குப் போட்ட காவல் இதற்கும் வேண்டும். இடம் கருதி இங்கே விடப்பட்டிருக்கிறது. தீபாவளியைத் தனியே, 30 நாளுக்கு எதிராக 30 நாள் என்று ஆண்டுவாரியாக ஒப்பிடலாம். ஜவுளிக் கடைக்காரர்கள் காலங்காலமாகப் பேசும் "போன தீபாவளிக்கு இந்தத் தீபாவளி" கணக்கும் அதுதான்.

வெளியே போன மாதம்

கோடு ஏறினால் புதிய மாதத்தைப் பாராட்டுவதும், இறங்கினால் அதைக் குறை சொல்வதும் இயல்பு. ஆனால் வித்தியாசத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மாற்றம் வெளியே போன மாதத்தாலும் வந்திருக்கலாம்.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அந்த ஏப்ரலில் ஜவுளிக் கடைகள் அடைத்தே கிடந்தன. விற்பனை இல்லாத அந்த ஏப்ரல் எல்லாக் கடைகளின் ரோலிங் மொத்தத்துக்குள்ளும் ஒரு வருடம் இருந்து, 2021 ஏப்ரலில் வெளியேறியது. அந்த மாதம் ஒரு கடை வழக்கத்தில் பாதி விற்றிருந்தாலும் கோடு உயர்ந்திருக்கும். அந்த உயர்வுக்குக் காரணம் 2021 ஏப்ரலின் நல்ல வியாபாரம் அல்ல. சூனியமான ஒரு மாதம் விடைபெற்றதுதான். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பள்ளி நிர்வாகம் ஒரே ஒருமுறை பெரிய சீருடை ஆர்டர் கொடுத்தால், அது கோட்டைத் தூக்கி 12 மாதம் உயரத்தில் வைத்திருக்கும். பதின்மூன்றாம் மாதம் கோடு விழும். அந்த மாதத்தில் எந்தத் தவறும் நடந்திருக்காது.

இதைப் பிடிக்க அறிக்கையிலேயே வழி செய்யலாம். ரோலிங் கோட்டின் ஒரு புள்ளிமேல் மவுஸை வைத்தால் விரியும் சிறு பெட்டியில் இரண்டு எண்களைச் சேர்த்துக் காட்டலாம்: உள்ளே வந்த மாதத்தின் விற்பனை, வெளியே போன மாதத்தின் விற்பனை. முதலாவது ஏற்கெனவே உள்ள [Total Sales]. இரண்டாவது ஒரு வரி:

```
Sales Left = CALCULATE ( [Total Sales], SAMEPERIODLASTYEAR ( 'Date'[Date] ) )
```

2023 அக்டோபர் புள்ளியின் மேல் வைத்தால் 72, 110 என்று வரும். 2024 அக்டோபரில் 122, 72. இந்த இரண்டு எண்களோடு அந்தந்த ஆண்டின் தீபாவளித் தேதியையும் அதே பெட்டியில் சேர்த்துவிட்டால், சரிவு கடையிலிருந்து வந்ததா, பஞ்சாங்கத்திலிருந்து வந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தையதும் அக்டோபரிலேயே வந்ததால், 2025 அக்டோபர் புள்ளிக்குள் ஒரே தீபாவளிதான். அந்தப் புள்ளியை நம்பலாம். 2026-இல் அது மீண்டும் தாவி நவம்பர் 8-க்குப் போகிறது. 2025 நவம்பர் 1 முதல் 2026 அக்டோபர் 31 வரை எண்ணினால் தீபாவளி நாள் ஒன்றுகூட இல்லை. சீசனின் தொடக்க நாட்கள் அக்டோபரிலேயே வருவதால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது கடைக்குக் கடை மாறும். எனவே அந்த அக்டோபர் புள்ளிக்கு அறிக்கையில் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதிவைத்து, சரக்குக் கொள்முதலையோ ஆட்களையோ குறைக்கும் முடிவை நவம்பர் 30 புள்ளி வரும்வரை தள்ளிவைப்பதே கடைக்குப் பாதுகாப்பு.